பிபிடியிலிருந்து பயிற்சித்தாள்: மின்னோட்டப் பாடம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

வகுப்பில் போட்டுக் காட்டிய பிபிடியை ஓர் ஆசிரியர் உங்களிடம் கொடுத்து, "இதுல இருந்து ஒரு ஒர்க்‌ஷீட் போட்டுக் குடுங்க" என்று கேட்கிறார் என்று வையுங்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: ஸ்லைடில் இருக்கும் வாக்கியத்தை எடுத்து, ஒரு சொல்லை அழித்து, அந்த இடத்தில் கோடு போடுவார்கள். "மின்தடையின் அலகு ______." பத்து ஸ்லைடுக்குப் பத்துக் கோடு. அரை மணி நேரத்தில் தாள் தயார். பிள்ளைகளும் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதைத் திருத்தி முடித்த பிறகு யாருக்குப் பாடம் புரிந்தது, யார் சொல்லை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரியாது.

எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று நிலையிலும் கேள்விகள் உள்ள தாளை எப்படித் தயாரிப்பது என்பதை நான் செய்த ஒரு தாளை வைத்தே சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம். பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் தந்த பிபிடி, மொத்தம் 16 ஸ்லைடுகள். மின்னோட்டம், மின்னழுத்த வேறுபாடு, ஓம் விதி, அதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு, வரைபடம், கம்பியின் நீளமும் தடிமனும் மின்தடையை எப்படி மாற்றுகின்றன என்பது, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, கடைசியில் வீட்டு மின்சுற்று. முகப்பு, படம், "நன்றி" எல்லாம் போக, பாடம் இருந்தது 11 ஸ்லைடுகளில்.

முதலில் எழுத்தை வெளியே எடுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள்

பவர்பாயிண்டில் View → Outline View போனால் ஸ்லைடுகளின் எழுத்து வரிசையாகத் தெரியும். ஆனால் தலைப்புப் பெட்டியிலும் உள்ளடக்கப் பெட்டியிலும் தட்டச்சு செய்ததுதான் அங்கே வரும். ஆசிரியர் தனியாக வரைந்துகொண்ட எழுத்துப் பெட்டிகள் வராது, படமாக ஒட்டிய பாடநூல் பக்கமும் வராது. அவசரமாகச் செய்த பிபிடிகளில் முக்கியமான வரிகள் பலவும் இப்படித் தனிப்பெட்டியில்தான் கிடக்கும். அதனால் 16 ஸ்லைடு அளவுள்ள பிபிடி என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நோட்டில் கையால் எழுதிக்கொள்வதே நல்லது. ஸ்லைடுக்குக் கீழே உள்ள Notes பகுதியையும் திறந்து பாருங்கள். பாதிப் பாடம் சில சமயம் அங்கேதான் இருக்கும். ஸ்லைடு என்பது ஆசிரியர் பேசுவதற்கான நினைவூட்டல். பிள்ளைகள் காதில் விழுந்தது அதைவிட அதிகம்.

எழுத்தை எடுக்கும்போது இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, பழைய எழுத்துரு. பாமினி எழுத்துருவில் செய்த பிபிடியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் "தமிழ்" என்பது `jkpo;` என்று வந்து விழும். இது கண்ணில் படும், யூனிகோட் மாற்றியில் போட்டுச் சரிசெய்துவிடலாம். இரண்டாவது கண்ணில் படாது, அதுதான் ஆபத்து. ஓம் குறியான Ω-வைப் பலர் Symbol எழுத்துருவில் W என்று தட்டிப் போட்டிருப்பார்கள். எழுத்துரு மாறியதும் அது மறுபடி W ஆகிவிடும். `6 Ω` என்றிருந்த மின்தடை `6 W` ஆகி, 6 வாட் என்று பொருள்படும். பார்ப்பதற்குப் பிழையாகவே தெரியாது. எனவே தாள் முடிந்த பிறகு W என்ற எழுத்தை மட்டும் தேடி, வரும் ஒவ்வொரு இடமும் உண்மையிலேயே வாட்தானா என்று பாருங்கள்.

ஸ்லைடை விடுங்கள், பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள்

ஸ்லைடுக்கு ஒரு கேள்வி என்று போகாதீர்கள். 11 ஸ்லைடுகளையும் பார்த்துவிட்டு, "இந்தப் பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு என்ன செய்ய வர வேண்டும்?" என்று கேட்டு நாலைந்து வரிகள் எழுதுங்கள். நான் எழுதியவை இவை: ஓம் விதியைப் பயன்படுத்தி V, I, R மூன்றில் தெரியாததைக் கண்டுபிடிப்பது. வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து அது ஓம் விதிக்கு உட்படுகிறதா என்று சொல்வது. கம்பியின் நீளமோ தடிமனோ மாறினால் மின்தடை என்ன ஆகும் என்று சொல்வது. தொடரிணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் தொகுபயன் மின்தடை காண்பது. வீட்டில் ஏன் பக்க இணைப்பு என்று காரணம் சொல்வது.

ஒவ்வொரு வரியும் ஒரு வினைச்சொல்லில் முடிவதைப் பாருங்கள். "ஓம் விதி பற்றி அறிதல்" என்று எழுதினால் அதிலிருந்து கேள்வி பிறக்காது. "கண்டுபிடிப்பது" என்று எழுதினால் பிறக்கும்.

இந்தப் பட்டியலை எழுதும்போதே ஓர் ஆசையை அடக்க வேண்டியிருந்தது. 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும் என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். பலரும் திகைத்துப்போவார்கள். ஆனால் மின்திறன் இந்தப் பிபிடியில் இல்லை, ஆசிரியை அதை அடுத்த வாரம்தான் எடுப்பதாக இருந்தார். நடத்தாததைக் கேட்டு ஒரு கேள்வியைக் கடினமாக்குவதில் பயன் எதுவும் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

கடினம் என்பது பெரிய எண்ணில் இல்லை

நடுத்தரக் கேள்விக்கு 12 V, கடினமான கேள்விக்கு 13.75 V என்று எண்ணைச் சிக்கலாக்குவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. அது வகுத்தலைச் சோதிக்கிறதே தவிர அறிவியலைச் சோதிப்பதில்லை. கேள்வியின் கடினம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. விடைக்குப் போக எத்தனை படிகளைப் பிள்ளை தானாக எடுக்க வேண்டும் என்பது ஒன்று. கேட்கப்படும் சூழல் ஸ்லைடில் பார்த்ததிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மற்றொன்று.

கல்வியியல் படித்தவர்களுக்கு 1956-இல் வந்த புளூமின் ஆறு படிகள் நினைவுக்கு வரும். ஒரு பாட வேளைக்கான தாளுக்கு ஆறு படிகள் அதிகம். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்லைடில் இருந்ததை அப்படியே சொன்னாலோ, எண்ணை மட்டும் மாற்றிப் போட்டாலோ போதும் என்றால் எளிது. ஸ்லைடில் இருந்த முறையைத் திருப்பியோ புது இடத்திலோ போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் நடுத்தரம். எந்த முறையைப் போடுவது என்பதையே பிள்ளை தீர்மானித்து, காரணமும் சொல்ல வேண்டும் என்றால் கடினம்.

ஒரே ஸ்லைடை மூன்று நிலையிலும் கேட்டுப் பார்ப்போம். பிபிடியில் இருந்த எடுத்துக்காட்டு: 12 V மின்னழுத்த வேறுபாடு, 6 Ω மின்தடை, எனவே மின்னோட்டம் 2 A.

எளிய நிலை:

> 3 Ω மின்தடை ஒன்றின் முனைகளுக்கிடையே 9 V மின்னழுத்த வேறுபாடு உள்ளது. அதன் வழியே பாயும் மின்னோட்டம் எவ்வளவு?

எண் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஸ்லைடைக் கவனித்த பிள்ளை 3 A என்று எழுதிவிடும்.

நடுத்தர நிலை:

> ஒரு டார்ச் பல்பின் குறுக்கே 3 V மின்னழுத்த வேறுபாடு இருக்கும்போது அதன் வழியே 200 mA மின்னோட்டம் பாய்கிறது. பல்பின் மின்தடை என்ன?

இங்கே சூத்திரத்தை `R = V/I` என்று திருப்ப வேண்டும், மில்லிஆம்பியரை 0.2 A ஆக மாற்றவும் வேண்டும். விடை 15 Ω. எண் சின்னதுதான், ஆனால் இரண்டு படிகள் கூடியிருக்கின்றன. 0.015 என்று எழுதியவர் அலகை மாற்ற மறந்தவர். 0.6 என்று எழுதியவர் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியவர். தவறான விடையிலிருந்தே தவறு எங்கே என்று தெரிகிறது. எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும்: இரண்டு வெவ்வேறு தவறுகள் ஒரே எண்ணைத் தந்துவிடக் கூடாது. 2 V, 2 Ω மாதிரியான எண்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். 1 A என்ற விடை சரியாக வகுத்தாலும் வரும், தலைகீழாக வகுத்தாலும் வரும்.

கடின நிலைக்கு எங்கே போவது? புதியவர்கள் திணறும் இடம் இதுதான். நான் எப்போதும் ஸ்லைடில் யாரும் நின்று படிக்காத நிபந்தனைச் சொற்களைத் தேடுவேன். அந்தப் பிபிடியில் ஓம் விதி இப்படி இருந்தது: "மாறா வெப்பநிலையில், கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்த்தகவில் இருக்கும்." எல்லோரும் "நேர்த்தகவு" என்பதை மனப்பாடம் செய்வார்கள். "மாறா வெப்பநிலையில்" என்ற இரண்டு சொற்களை வாய் சொல்லும், மனம் தாண்டிப் போய்விடும். அதிலிருந்து வந்த கேள்வி:

> அ, ஆ என்ற இரண்டு கடத்திகளில் எடுத்த அளவீடுகள்:
> 1 V, 2 V, 3 V-க்கு அ-வில் 0.20 A, 0.40 A, 0.60 A.
> அதே 1 V, 2 V, 3 V-க்கு ஆ-வில் 0.20 A, 0.32 A, 0.40 A.
> ஒன்று அறை வெப்பநிலையிலேயே இருக்கும் கம்பிச்சுருள், மற்றொன்று ஒளிரும் பல்பின் இழை. எது எது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அ-வின் மின்தடை மூன்று இடத்திலும் 5 Ω. ஆ-வில் 5, 6.25, 7.5 என்று ஏறுகிறது. இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடுகிறது, ஆகவே ஆ-தான் பல்பு. இதற்குப் புதிய சூத்திரம் எதுவும் வேண்டாம். ஸ்லைடில் இருந்த நிபந்தனையின் பொருள் புரிந்திருந்தால் போதும்.

கடின நிலைக்கு இன்னொரு வழி, வேறு வேறு இடத்தில் இருக்கும் இரண்டு ஸ்லைடுகளை ஒரே கேள்வியில் சந்திக்க வைப்பது. நீளத்தைப் பற்றிய ஸ்லைடும் பக்க இணைப்பு ஸ்லைடும் இப்படிச் சேர்ந்தன:

> 8 Ω மின்தடையுள்ள ஒரு கம்பியை நடுவில் மடித்து, இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேருமாறு முறுக்குகிறோம். மடித்த முனைக்கும் மறுமுனைக்கும் இடையே மின்தடை எவ்வளவு?

பாதிக் கம்பி 4 Ω. இரண்டு 4 Ω பக்க இணைப்பில் சேர்ந்தால் 2 Ω. கேள்வியில் "பக்க இணைப்பு" என்ற சொல்லே இல்லை, அதைக் கண்டுகொள்வதுதான் கேள்வி. 4 என்று எழுதும் பிள்ளை நீளத்தை மட்டும் பார்த்திருக்கிறது. 8 என்று எழுதும் பிள்ளை "அதே கம்பிதானே" என்று நினைத்திருக்கிறது.

தவறான விடைகளைப் பிள்ளைகளிடமிருந்தே எடுங்கள்

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் வேலை முழுதும் தவறான மூன்று விடைகளில்தான் இருக்கிறது. சும்மா ஏதோ மூன்று எண்களைப் போட்டால் சரியான விடை தானாகத் தனித்துத் தெரியும். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை உண்மையில் நினைக்கும் நினைப்பு இருக்க வேண்டும்.

6 Ω, 3 Ω மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன, தொகுபயன் மின்தடை என்ன என்று கேட்டேன். விடை 2 Ω. தவறான விடைகள்: 9 (தொடரிணைப்பு போலக் கூட்டியவருக்கு), 0.5 (`1/R` வரை வந்து, தலைகீழாக்க மறந்தவருக்கு), 4.5 (சராசரி எடுத்தவருக்கு). திருத்தும்போது 0.5 என்று 12 பேர் எழுதியிருந்தால், பாடம் புரியவில்லை என்று மறுபடி முழுக்க நடத்த வேண்டாம். கடைசிப் படியை மட்டும் கரும்பலகையில் ஒருமுறை காட்டினால் போதும்.

கணக்கில்லாத கேள்விக்குத் தவறான விடை கிடைப்பது கடினம். அதற்கு நான் முதலில் அந்தக் கேள்வியை விடைகள் இல்லாமல் ஒரு வகுப்பில் கேட்பேன். ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்புகளை ஒரு மின்கலத்தோடு தொடராக வரைந்து, எது பிரகாசமாக எரியும் என்று எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதிய வரி இப்போதும் என் நோட்டில் இருக்கிறது: "முதல் பல்பு கரண்ட்டைக் குடிச்சிடும், மிச்சம்தான் ரெண்டாவதுக்கு வரும்." நான் எவ்வளவு யோசித்திருந்தாலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன். மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது என்பது உலகம் முழுக்க மாணவர்களிடம் காணப்படும் தவறான கருத்து. எங்கள் ஊரில் அதற்கு இருக்கும் சொல் "குடிச்சிடும்". அது அப்படியே ஒரு விடையாகப் போனது:

> அ) மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் உள்ள பல்பு, ஏனெனில் அது மின்னோட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது
> ஆ) இரண்டும் ஒரே அளவு, ஏனெனில் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது
> இ) நேர்முனையிலிருந்து தள்ளி உள்ள பல்பு, ஏனெனில் மின்னோட்டம் கடைசியில் சேர்கிறது
> ஈ) இரண்டும் ஒரே அளவு, ஏனெனில் மின்கலம் ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக முழு மின்னழுத்தத்தைத் தருகிறது

இதில் ஈ-யைப் பாருங்கள். முடிவு சரி, காரணம் தவறு. குருட்டாம்போக்கில் "ஒரே அளவு" என்று சொல்பவரையும் புரிந்து சொல்பவரையும் அது பிரித்துவிடும். இந்த ஒரு விடையால் நடுத்தரக் கேள்வி கடினத்தின் பக்கம் நகர்ந்தது.

இதை வகுப்பில் செய்து காட்ட நினைத்தால் ஒன்று சொல்கிறேன். கடையில் வாங்கும் டார்ச் பல்புகள் இரண்டு அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று சற்றுப் பிரகாசமாக எரிந்து, தவறான கருத்தை உறுதிப்படுத்திவிடும். அப்போது பல்புகளை இடம் மாற்றிப் போடுங்கள். பிரகாசம் பல்போடு நகர்ந்தால் காரணம் பல்பு, இடமல்ல என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

விடைகள் எழுதும்போது நீளத்தையும் கவனியுங்கள். சரியான விடையைத் துல்லியமாக எழுத வேண்டும் என்ற அக்கறையில் அது மட்டும் நீண்டுவிடும். நீளமானதைத் தேர்ந்தெடுத்தால் சரி என்பதைப் பிள்ளைகள் மூன்றாவது கேள்விக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். "மேற்கண்ட அனைத்தும்" என்பதையும் நான் போடுவதில்லை. இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் அதைக் குறித்துவிடலாம்.

மொழி கேள்வியைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் பாடத்துக்கே உரிய ஒரு சிக்கல் தமிழில் இருக்கிறது. "இணை" என்பது சேர்ப்பதையும் குறிக்கும், பக்கத்தில் பக்கமாக இருப்பதையும் குறிக்கும். "இரு மின்தடைகள் இணையாக இணைக்கப்பட்டுள்ளன" என்று எழுதினால் வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கு "இணைக்கப்பட்டுள்ளன" என்பது மட்டும்தான் நிற்கும். தொடரிணைப்பு என்று எடுத்துக்கொண்டு கூட்டிவிடும். அது இயற்பியல் தவறே இல்லை. "பக்க இணைப்பில் உள்ளன" என்று எழுதுங்கள், கூடவே சிறிய மின்சுற்றுப் படம் ஒன்றும் வரையுங்கள். "சரியானதன்று எது?" என்பதும் அப்படித்தான், பாதிப் பேர் "சரியானது" வரை படிப்பார்கள். "தவறான கூற்று எது?" என்று கேட்டு, "தவறான" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு கேள்வி கடினமாக இருந்தால் அது அறிவியலால் இருக்க வேண்டும், வாக்கியத்தால் இருக்கக் கூடாது.

விடைக்குறிப்பைப் பிபிடியைப் பார்க்காமல் எழுதுங்கள்

கேள்விகள் முடிந்ததும் ஒரு நாள் கழித்து, பிபிடியை மூடி வைத்துவிட்டு எல்லாக் கேள்விகளுக்கும் நீங்களே விடை எழுதுங்கள். பிறகு பிபிடியோடு ஒப்பிடுங்கள். நான் செய்த தாளில் ஓர் இடத்தில் இடித்தது. பக்க இணைப்பு ஸ்லைடில் சூத்திரம் இப்படி இருந்தது:

```
R = 1/R1 + 1/R2
```

இடப்பக்கம் `1/R` என்று இருக்க வேண்டும். தட்டச்சில் விட்டுப்போனது. வகுப்பில் ஆசிரியை வாயால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அடுத்த ஸ்லைடின் கணக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் ஸ்லைடைப் பார்த்து எழுதிக்கொண்ட பிள்ளைக்கு 6 Ω, 3 Ω கணக்கில் 0.5 தான் வரும். நான் சொல்லாமல் தாளில் மட்டும் திருத்தியிருந்தால் நோட்டில் ஒன்றும் தாளில் ஒன்றுமாகப் பிள்ளைகள் குழம்பியிருப்பார்கள். போன் போட்டு, "டீச்சர், பதினோராவது ஸ்லைடுல இடப்பக்கம் ஒன்றின் கீழ் ஆர்னு இருக்கணும் இல்லையா?" என்று கேட்டேன். "அட, ஆமா. நாளைக்கே நோட்டுல திருத்தச் சொல்லிடறேன்" என்றார். பிழை கண்டால் எப்போதும் பிபிடிக்குச் சொந்தக்காரரிடம் முதலில் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு சிறிய சோதனை பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். பக்க இணைப்பில் வரும் தொகுபயன் மின்தடை, இருப்பதில் சிறியதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். 6, 3 என்றால் விடை 3-க்குக் கீழே. 9-உம் 4.5-உம் பார்த்த உடனே விழுந்துவிடும். 0.5 மட்டும் தப்பித்துவிடும், அதற்குக் கணக்கைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

விடைக்குறிப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் நேராக அதன் நிலை, எந்த ஸ்லைடிலிருந்து வந்தது, ஒவ்வொரு தவறான விடையும் எந்த நினைப்பைக் காட்டுகிறது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஆசிரியர் திருத்தும்போது இதுதான் அதிகம் உதவும்.

தாளை அமைப்பது

40 நிமிடப் பாட வேளைக்கு 12 கேள்விகள் வைத்தேன்: 5 எளிது, 4 நடுத்தரம், 3 கடினம். தாளை நீங்களே எழுதிப் பார்க்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். உங்களுக்கு 10 நிமிடம் ஆனால் பிள்ளைகளுக்கு அதைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நிலைகளின் பெயரைத் தாளில் எழுதாதீர்கள். "கடினமான வினாக்கள்" என்று தலைப்புப் போட்டால் அந்தப் பகுதிக்கே போகாத பிள்ளைகள் உண்டு. மெல்லக் கற்போருக்குத் தனித் தாள் என்று பிரிப்பதையும் நான் விரும்புவதில்லை. யார் கையில் எந்தத் தாள் என்பது ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அது அந்தப் பிள்ளைகளுக்கு வலிக்கும். எல்லோருக்கும் ஒரே தாள். முதல் மூன்றும் எளிதாக, பிறகு கலந்து, கடைசிக் கேள்விக்கு முன்னால் மறுபடி ஓர் எளிய கேள்வி வருமாறு அடுக்குவேன். நடுவில் திணறி நின்ற பிள்ளைக்கும் கடைசிப் பக்கத்தில் எழுத ஒன்று இருக்கும்.

ஸ்லைடில் இருந்த மின்சுற்றுப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் கோடு திரையில் அழகாக இருக்கும், ஜெராக்ஸில் கரிக்கட்டையாக வரும். சிவப்பு, நீலக் கம்பிகள் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் அளவுகோல் வைத்து வரைந்து, படம் எடுத்துப் போடுவது போதும். மொத்தமும் ஒரு ஏ4 தாளின் இரு பக்கத்துக்குள் வர வேண்டும். "காரணம் கூறு" கேள்விகளுக்கு நாலு வரி இடம் விடுங்கள். ஒரு வரி விட்டால் ஒரு சொல்தான் வரும்.

கடைசியாக, ஒரு கேள்வியின் வாக்கியம் இன்னொன்றின் விடையைச் சொல்லிவிடுகிறதா என்று முழுத் தாளையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். என் முதல் வரைவில் இரண்டாவது கேள்வி, "வீட்டில் எல்லாச் சாதனங்களும் பக்க இணைப்பில் 230 V பெறுகின்றன" என்று தொடங்கியது. பத்தாவது கேள்வி, வீட்டில் எந்த இணைப்பு, ஏன் என்று கேட்டது.

கொடுத்த பிறகு

தாளைத் திருத்தியதும் மதிப்பெண்ணோடு நிறுத்திவிடாமல், கேள்வி வாரியாக எத்தனை பேர் சரி என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். 34 பேர் உள்ள வகுப்பில் நான் எண்ணியபோது மடித்த கம்பிக் கேள்வியை 9 பேர் சரியாக எழுதியிருந்தார்கள். கடின நிலைக்கு அது நியாயமான எண். ஆனால் எளிது என்று நான் வைத்த ஒரு கேள்வியை 11 பேர்தான் சரியாக எழுதியிருந்தார்கள்: "மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும் கருவியை மின்சுற்றில் எவ்வாறு இணைக்க வேண்டும்?" வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில் இணைக்க வேண்டும் என்பது பிபிடியில் இருந்ததுதான். விடைகளைப் புரட்டினால் பலர் "கம்பியால்", "நேர்முனையை நேர்முனையோடு" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியது தவறில்லை. "எவ்வாறு" என்று நான் கேட்டதுதான் எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது.

கேள்வியை மாற்றினேன். ஒரு மின்தடையும் மின்கலமும் உள்ள சுற்றை வரைந்து, "இந்த மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளக்க வோல்ட்மீட்டரைச் சரியான இடத்தில் வரைக" என்று எழுதினேன். அடுத்த வாரம் மற்றொரு பிரிவுக்குப் போனது அந்தத் தாள்தான். அங்கே ஏழெட்டுப் பேர் வோல்ட்மீட்டரைச் சுற்றின் நடுவே, அம்மீட்டர் போலத் தொடராக வரைந்திருந்தார்கள். அந்தப் படத்தையே எடுத்து, மின்தடை இருக்கும் இடத்தில் ஒரு பல்பைப் போட்டு, அது ஏன் எரியாது என்று கேட்டால் ஒரு நல்ல கடினக் கேள்வி கிடைக்கும். வோல்ட்மீட்டரின் மின்தடை மிக அதிகம் என்று ஒரு ஸ்லைடு சேர்க்க முடியுமா என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன்.